தவறிப்போன மெயிலுக்குத் திருத்தம் எழுதுவது எப்படி?

2014 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜி20 மாநாடு நடந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, அந்நாட்டுக் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர் ஒரு மெயில் அனுப்பினார். ஒபாமா, புதின், மோடி உள்ளிட்ட 31 உலகத் தலைவர்களின் பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் விசா விவரங்களும் அதில் இருந்தன. அது போய்ச் சேர்ந்ததோ ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்திய குழுவுக்கு. முகவரியை அவுட்லுக் மென்பொருள் தானாக நிரப்பியிருந்தது. அது சரியான ஆள்தானா என்று ஊழியர் பார்க்கவில்லை. மெயில் கிடைத்தவரே ஆள் மாறிவிட்டதைச் சொன்னார். பிறகு மெயிலை அழித்து, அழித்தவை சேரும் தொகுப்பையும் காலி செய்தார்.

ஒரு நாட்டின் அரசாங்கத்தாலேயே அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. வேலை தேடும் ஒருவர் நேர்காணல் முடிந்து எழுதும் நன்றி மெயிலுக்கும் இதே நிலைமைதான். வெளியே போன மெயிலைத் திரும்பப் பிடித்து இழுக்க வழியில்லை. ஜிமெயிலில் உள்ள Undo Send வசதியைப் பலர் திரும்பப் பெறும் வசதி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது மெயிலை அனுப்பாமல் சில நொடிகள் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அவுட்லுக்கில் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. ஆனால் அது ஒரே நிறுவனத்துக்குள் போன மெயிலுக்குத்தான் உதவும். வெளி நிறுவனத்துக்குப் போனதை அப்படித் திரும்பப் பெற முயன்றால், ‘இந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்’ என்று இன்னொரு மெயில் அங்கே போய் நிற்கலாம். கவனிக்காமல் இருந்தவரும் அதைப் பார்த்துவிட்டு முதல் மெயிலைத் தேடித் திறப்பார்.

ஆகவே மிச்சம் இருப்பது திருத்தம் ஒன்றுதான். அதை எப்படி எழுதுவது என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம்.

பி.காம். முடித்த ஒரு பெண் செவ்வாய்க்கிழமை அம்பத்தூரில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்திலும், புதன்கிழமை கிண்டியில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்திலும் கணக்காளர் வேலைக்கு நேர்காணல் போய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனத்துக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் எழுதுகிறார். அதையே நகலெடுத்து இரண்டாவதற்கும் அனுப்புகிறார். மேலே ஹெச்.ஆர். அதிகாரியின் பெயரை மாற்றிவிட்டார். ஆனால் மூன்றாவது பத்தியில், ‘தங்கள் நிறுவனத்தில் பணியாற்ற ஆவலாக இருக்கிறேன்’ என்ற இடத்தில் அம்பத்தூர் நிறுவனத்தின் பெயர் அப்படியே நிற்கிறது. இரவு அனுப்பிய மெயிலைத் திறந்து பார்க்கும்போதுதான் அது கண்ணில் படுகிறது.

ஓர் எழுத்துப் பிழை என்றால் விட்டுவிடலாம். திருத்தம் அனுப்புவதுதான் அதைப் பெரிதாக்கும். நிறுவனத்தின் பெயரே மாறிப்போனதை அப்படி விட முடியாது. படிப்பவர் ‘ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்புகிறார்’ என்றுதான் எடுத்துக்கொள்வார். கணக்காளர் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில், கவனக்குறைவு என்ற எண்ணம் விழுவதும் நல்லதல்ல.

பதறிப்போய் உடனே பதில் தட்டக் கூடாது. முதலில் மெயிலை முழுக்கப் படிக்க வேண்டும். பெயர் மட்டும்தான் தவறா? பதவியின் பெயர், நேர்காணல் நாள், இணைத்த கடிதம், அந்தக் கோப்புக்கு வைத்த பெயர், எல்லாம் சரியா? ஒரு திருத்தம் அனுப்பிவிட்டு, அரை மணி நேரத்தில் இன்னொன்று அனுப்புவதுதான் முதல் தவறைவிட அதிகமாக உறுத்தும்.

அடுத்து, எங்கே எழுதுவது? அனுப்பிய அதே மெயிலைத் திறந்து அதற்கே பதில் எழுதுவது நல்லது. சொந்த மெயிலுக்குப் பதில் எழுதினால் ஜிமெயில் அதை முதலில் பெற்றவருக்கே அனுப்பும். தலைப்பை மாற்றாமல் விட்டால் இரண்டும் ஒரே தொடராக நிற்கும். காலையில் அதிகாரி திறக்கும்போது திருத்தமும் கூடவே தெரியும். தலைப்பை மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். தவறான பெயர் தலைப்பிலேயே இருந்தால் மட்டும் புதிய மெயில் எழுத வேண்டியதுதான்.

கீழே தானாக ஒட்டிக்கொண்டு வரும் பழைய வாசகத்தை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தவறான பெயர் இன்னொரு முறை போகும். மேலே இரண்டே வரி போதும்: ‘வணக்கம் சார். சற்று முன் அனுப்பிய மெயிலின் மூன்றாவது பத்தியில் நிறுவனத்தின் பெயரைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன், மன்னிக்கவும். திருத்திய மெயில் கீழே உள்ளது.’ அதன் கீழே சரியான மெயில் முழுவதுமாக இருக்க வேண்டும். காரணம் எளியது. அதிகாரி அதைக் கணக்குப் பிரிவு மேலாளருக்கு ஃபார்வர்டு செய்ய நினைத்தால், எதையும் வெட்டி ஒட்டாமல் அப்படியே அனுப்ப முடியும்.

அவசரத்தில் எழுதினேன், பல இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்ற விளக்கமெல்லாம் வேண்டாம். வேறு இடத்துக்கும் நேர்காணல் போவது யாருக்கும் தெரிந்த நடைமுறை. மன்னிப்பை ஒரு முறை சொன்னால் போதும். மூன்று முறை சொன்னால், ‘பரவாயில்லை’ என்று ஆறுதல் எழுதும் வேலை அந்த அதிகாரியின் தலையில் விழுகிறது.

ஆளே மாறிவிட்டால் கதை வேறு. கிண்டிக்குப் போக வேண்டிய மெயில் அம்பத்தூருக்குப் போய்விட்டது. எதிர்பார்க்கும் சம்பளமும் அதில் இருக்கிறது என்றால், இரண்டு மெயில்கள் எழுத வேண்டும். இருவரையும் ஒரே மெயிலில் சேர்க்கவே கூடாது. தவறாகப் பெற்றவருக்குப் போவது மிகச் சிறியதாக இருக்கட்டும்: எந்தத் தலைப்பில், எத்தனை மணிக்கு வந்த மெயில் என்று சொல்லி, அது வேறொருவருக்கானது, அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் போதும். உள்ளே என்ன இருந்தது என்று மீண்டும் சொல்லக் கூடாது.

சரியானவருக்குப் புதிதாக எழுத வேண்டும். பழைய மெயிலை ஃபார்வர்டு செய்தால் தலைப்பில் Fwd: என்று விழும், முதலில் யாருக்குப் போனது என்ற பெயரும் முகவரியும் உள்ளே தெரியும். அவருக்கு மெயில் எதுவும் போகவில்லை என்பதால் அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் தேவையில்லை. சம்பளத் தொகையை அம்பத்தூர்க்காரர் படித்திருந்தால் படித்ததுதான். அதை இனி மாற்ற முடியாது. ஆனால் மெயிலில் இன்னொருவரின் ஆதார் எண்ணோ வங்கி விவரமோ இருந்தால், அந்த ஆளுக்கும் தகவல் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலிய அதிகாரிகள் ஆபத்து மிகக் குறைவு என்று முடிவு செய்து, அந்தத் தலைவர்களுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை என்று விட்டார்கள். விஷயம் 2015-ல் பத்திரிகையில் வெளியானபோது, கசிவோடு சேர்ந்து இந்த முடிவும் செய்தி ஆனது.

மறுபடியும் இப்படி நடக்காமலிருக்க, தவறு நடந்த அன்றே இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். அவுட்லுக்கில் To பெட்டியில் பெயரை அடித்ததும் வரும் பட்டியலில், வேண்டாத முகவரிக்குப் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் அது பட்டியலிலிருந்து போய்விடும். ஜிமெயிலில் Undo Send தானாக 5 நொடிக்குத்தான் வைக்கப்பட்டிருக்கும். அமைப்புகளில் பொதுப் பகுதிக்குப் போனால் அதை 30 நொடியாக மாற்றிக்கொள்ளலாம்.