முப்பது நாள் எங்கே?

ஒப்பந்த ரத்துக் கடிதம் கைக்கு வந்ததும் யாருக்கும் முதலில் கோபம் வரும். 'நாங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை' என்று நான்கு பக்கம் பதில் எழுதத் தோன்றும். பெரும்பாலான பதில்கள் அப்படித்தான் எழுதப்படுகின்றன, அந்த இடத்திலேயே வலுவையும் இழக்கின்றன. தப்பு நடந்ததா இல்லையா என்பது மாதக்கணக்கில் சாட்சி வைத்துப் பேச வேண்டிய விஷயம். ரத்து செய்யும் முன் ஒப்பந்தம் சொன்ன அவகாசம் கொடுக்கப்பட்டதா என்பதை இரண்டு தேதிகளை அருகருகே வைத்தே காட்டிவிடலாம். பதில் கடிதம் இந்த இரண்டாவது கேள்வியின் மேல்தான் நிற்க வேண்டும்.

ஒரு மாதிரி வழக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு தொழிற்சாலையில் கேன்டீன் நடத்தும் ஒப்பந்தக்காரர், மூன்று ஆண்டு ஒப்பந்தம், அதில் இரண்டாவது ஆண்டு. ஒப்பந்தத்தின் 14.2 பிரிவு இப்படிச் சொல்கிறது: ஒரு தரப்பு நிபந்தனையை மீறினால், மற்றத் தரப்பு அந்த மீறலைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும், நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் குறை சரிசெய்யப்படாவிட்டால், மற்றொரு நோட்டீஸ் மூலம் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அலுவலகங்களில் இந்த 30 நாளைத்தான் 'க்யூர் பீரியட்' என்கிறார்கள். இங்கே நோட்டீஸ் ஒன்றல்ல, இரண்டு என்பதைக் கவனியுங்கள். முதலாவது குறையைச் சொல்வது, இரண்டாவது கதவைச் சாத்துவது. இடையில் 30 நாள்.

நிறுவனத்திடமிருந்து ஜூன் 2 தேதியிட்ட கடிதம் ஜூன் 4 அன்று வந்து சேர்கிறது. காலை டிபன் அடிக்கடி தாமதம், குடிநீர்ப் பரிசோதனை அறிக்கை தரவில்லை, ஏப்ரல் மாத பி.எஃப். செலான் பில்லுடன் இணைக்கப்படவில்லை, 'ஆகவே 14.2இன் கீழ் ஒப்பந்தம் ஜூன் 15 முதல் ரத்து.' இரண்டு நோட்டீஸையும் ஒன்றாகச் சுருட்டிக் கொடுத்துவிட்டார்கள். கிடைத்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவதே வழக்கம். ஜூன் 5 முதல் நாள் என்றால், முப்பதாவது நாள் ஜூலை 4. அவர்கள் கொடுத்தது அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல்.

அரசு ஒப்பந்த வேலை எடுப்பவர்களுக்கு இந்த இரண்டு படி புதிதல்ல. ரயில்வேயின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில் 7 நாள் நோட்டீஸ், அதற்குப் பின் 48 மணி நேர நோட்டீஸ், அதற்கும் பிறகுதான் ரத்து என்று வரிசையே உண்டு. எந்தப் படி தவறியது என்பதை அங்கே கான்ட்ராக்டர்கள் விரல் விட்டே சொல்வார்கள். தனியார் ஒப்பந்தங்களில்தான் அந்தப் பக்கத்தைக் கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

நிறுவனத்தின் சட்டப் பிரிவு சும்மா இருக்காது. 'மார்ச்சிலிருந்து மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறோம், அதுவே நோட்டீஸ்' என்பார்கள். பதில் எழுதுபவர் இதை முன்கூட்டியே யோசித்து, அந்த மின்னஞ்சல்களைத் தேடி எடுத்துப் படித்துவிட வேண்டும். அவற்றில் 14.2 என்ற எண் இருக்கிறதா? 'இது ஒப்பந்த மீறல், 30 நாளில் சரிசெய்யவும்' என்ற பொருளில் ஒரு வரியாவது இருக்கிறதா? நோட்டீஸ் எப்படி அனுப்ப வேண்டும் என்று சொல்லும் பிரிவு, நமது ஒப்பந்தத்தில் 19, பதிவு அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் என்கிறது, மின்னஞ்சலோ ஹெச்.ஆர். பிரிவிலிருந்து கேன்டீன் சூப்பர்வைசருக்குப் போயிருக்கிறது. 'நேற்று இட்லி எட்டரைக்குத்தான் வந்தது, கவனிக்கவும்' என்ற வரி புகார்தான், 14.2 கேட்கும் நோட்டீஸ் அல்ல. இதைவிட முக்கியமானது: மூன்று மின்னஞ்சலும் டிபன் தாமதத்தைப் பற்றியவை. குடிநீர் அறிக்கையும் பி.எஃப். செலானும் முதன்முதலாகத் தலைகாட்டுவதே ரத்துக் கடிதத்தில்தான். சொல்லாத குறைக்கு அவகாசம் கொடுத்ததாக யாரும் வாதிட முடியாது.

இவ்வளவையும் பார்த்தபின் கடிதம் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. முதலில் 14.2 பிரிவை ஒரு சொல் மாறாமல் அப்படியே எடுத்தெழுத வேண்டும். நமது சொந்த வார்த்தையில் சுருக்கினால் அந்தச் சுருக்கத்தின் மேல் சண்டை கிளம்பும். அடுத்து தேதிகள். பிறகு நிலைப்பாடு, ஏறத்தாழ இப்படி:

'மேற்கண்ட பிரிவின்படி குறைகளைக் குறிப்பிட்டு எங்களுக்கு எந்த நோட்டீஸும் தரப்படவில்லை. 30 நாள் அவகாசமும் தரப்படவில்லை. எனவே தங்களது ஜூன் 2 கடிதம் ஒப்பந்தப்படி செல்லாது. அக்கடிதத்தையே குறை நோட்டீஸாகக் கொண்டாலும், ஜூலை 4 முடியும் வரை ரத்து செய்யும் உரிமை தங்களுக்கு எழவில்லை. ஒப்பந்தம் இன்னும் நடைமுறையில் உள்ளது. எங்கள் கடமைகளைத் தொடர்ந்து செய்ய ஆயத்தமாகவும் விருப்பமாகவும் இருக்கிறோம். ஜூன் 15ஆம் தேதியும் வழக்கம்போல் பணிக்கு வருவோம்.'

இதில் 'கொண்டாலும்' என்ற வாக்கியத்தைப் பலர் எழுதத் தயங்குவார்கள், இடம் கொடுத்தது போலாகுமே என்று. எனக்கு அது கடிதத்திலேயே பலமான வாக்கியமாகப் படுகிறது. எதிர்த்தரப்பு எப்படிப் பார்த்தாலும் ஜூன் 15 என்பது தவறான தேதி என்று அது பூட்டுப் போட்டுவிடுகிறது.

அதன்பின் குற்றச்சாட்டுகளை மறுக்க ஒரு பத்தி போதும். மறுத்தபடியே, 'ஏற்றுக்கொள்ளாமலேயே, நல்லெண்ண அடிப்படையில்' என்று சொல்லி செலான் நகலையும் குடிநீர் அறிக்கையையும் இணைத்துவிடலாம். செலான் உண்மையிலேயே கட்டப்படாமல் இருந்தால், 'கட்டியாயிற்று' என்று எழுதிவிடாமல் முதலில் கட்ட வேண்டும். கடைசியில், ரத்துக் கடிதத்தை இத்தனை நாளுக்குள் திரும்பப் பெறும்படி கேட்பதும், தவறினால் ஒப்பந்தத்தில் சொன்ன தகராறு தீர்வு முறைக்குப் போவோம் என்பதும்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. அதே கடிதத்தில் 'எங்கள் பாக்கி பில்லையும் டெபாசிட்டையும் உடனே செட்டில் செய்யவும்' என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கணக்கை முடிக்கக் கேட்பவர் ஒப்பந்தம் முடிந்ததை ஒப்புக்கொண்டார் என்று வாதிட அது வழி திறக்கும். நடப்பு பில்லைத் தனிக் கடிதத்தில், எப்போதும் கேட்பது போலக் கேட்டுக்கொள்ளலாம். அதேபோல, கோபத்தில் மறுநாளே அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றினால், விட்டுப் போனவர் நாம்தான் என்று கதை திரும்பிவிடும். பதினைந்தாம் தேதி வாசலில் காவலாளி மறித்தால் மல்லுக்கட்ட வேண்டாம். எத்தனை மணிக்கு, எத்தனை பேருடன், என்ன பொருளுடன் வந்தோம், யார் தடுத்தார் என்பதை அன்றே எழுதி அனுப்பினால் போதும்.

எல்லாக் கடிதத்தின் தலையிலும் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று அடிப்பது இன்னொரு பழக்கம். சமரசப் பேச்சில் சொன்னதைப் பிறகு நமக்கு எதிராகக் காட்டக் கூடாது என்பதற்கான தலைப்பு அது. இந்தக் கடிதத்தையோ நாமே பிறகு நடுவரிடம் காட்ட வேண்டியிருக்கும். 'எங்கள் உரிமைகள் அனைத்தும் நிலைநிறுத்தப்படுகின்றன' என்று கடைசியில் ஒரு வரி போதுமானது. அனுப்புவதும் 19ஆம் பிரிவு சொன்ன வழியில், சொன்ன முகவரிக்கு. முறைப்படி நோட்டீஸ் தரவில்லை என்று குறை சொல்லும் கடிதமே வாட்ஸ்அப்பில் போனால் பார்க்க நன்றாக இராது.

இந்தக் கடிதம் எதைச் சாதிக்காது என்பதையும் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும். முதலில் ஒப்பந்தத்தின் பக்கத்துப் பிரிவுகளைப் பாருங்கள். நமது மாதிரியில் 14.3, உணவு உரிமம் ரத்தானாலோ உணவில் நச்சு ஏற்பட்டாலோ அவகாசமின்றி உடனே முடித்துக்கொள்ளலாம் என்கிறது. ரத்துக்குக் காரணம் அதுவாக இருந்தால், முப்பது நாளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. 14.4, எந்தக் காரணமும் சொல்லாமல் 90 நாள் நோட்டீஸில் எந்தத் தரப்பும் விலகலாம் என்கிறது. இந்த ஒரு பிரிவு, நாம் வெல்லக்கூடிய தொகையின் உச்சவரம்பைக் கிட்டத்தட்ட எழுதியே வைத்துவிடுகிறது.

இதற்கு உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று உண்டு: இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கும் அமிர்தசரஸ் கேஸ் சர்வீஸுக்கும் இடையிலான வழக்கு, 1990. மீறலைக் காரணம் காட்டிச் செய்த ரத்து செல்லாது என்று நடுவர் சொல்லி, விநியோக உரிமையைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டிருந்தார். ரத்து தவறு என்ற முடிவை நீதிமன்றம் தொடவில்லை. ஆனால் 30 நாள் நோட்டீஸில் யாரும் முடித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தம் அது. எனவே கிடைக்க வேண்டியது அந்த 30 நாள் வருமான இழப்பு மட்டுமே, உரிமையைத் திருப்பித் தர முடியாது என்றது. தன்மையிலேயே முடித்துக்கொள்ளத்தக்க ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது என்பது 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே நமது கேன்டீன்காரர், மீதமிருக்கும் ஒன்றரை ஆண்டு லாபத்தைக் கணக்குப் போட்டு வைத்திருந்தால், அந்தத் தாளை மடித்து வைப்பது நல்லது. தொண்ணூறு நாள் லாபம்தான் பேச்சுக்குரிய எண். நிபந்தனையற்ற வங்கி உத்தரவாதம் கொடுத்திருந்தால், வங்கி இந்தக் கடிதத்தைப் பார்த்துப் பணத்தை நிறுத்தாது. மோசடி போன்ற அபூர்வக் காரணங்களுக்கு மட்டுமே நீதிமன்றம் தடை தரும்.

பிறகு எதற்கு இந்தப் பாடு? கறுப்புப் பட்டியல், டெபாசிட் பறிமுதல், புதிய ஆளை வைத்த கூடுதல் செலவை நம் தலையில் கட்டுவது, இவையெல்லாம் 'மீறலுக்காக ரத்து' என்ற ஒரே ஆணியில் தொங்குபவை. ஆணி ஆடினால் அவையும் ஆடும். அத்துடன், விவரமறிந்த சட்டப் பிரிவு இப்படி ஒரு கடிதத்தைப் பார்த்ததும் பெரும்பாலும் சண்டை போடாது. பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்று, சரியான படிவத்தில் புதிய குறை நோட்டீஸ் கொடுக்கும், அல்லது 14.4க்கு மாறி 90 நாள் கொடுக்கும். முதலாவது நடந்தால் கடிகாரம் நிஜமாகவே ஓடத் தொடங்குகிறது. 'அன்றைக்கே ஜெயித்துவிட்டோம்' என்று உட்கார்ந்திருந்தவர்கள் முப்பத்தொன்றாம் நாள், இம்முறை முறைப்படி வந்த ரத்துக் கடிதத்தைக் கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறார்கள். புதிய நோட்டீஸில் உள்ள ஒவ்வொரு குறைக்கும் நேராக, என்று சரிசெய்யப்பட்டது, அதற்கு என்ன ஆதாரம் என்று எழுதி, டிபன் வந்த நேரத்தைத் தொழிற்சாலைப் பிரதிநிதி கையெழுத்திட்ட பதிவேட்டின் நகலையும் சேர்த்து, இருபத்தைந்தாம் நாளுக்குள் இரண்டாவது கடிதம் போய்விட வேண்டும். தபாலில் ஒன்று, இன்வர்டு பிரிவில் நேரில் கொடுத்துத் தேதியுடன் முத்திரை வாங்கிய நகல் ஒன்று.