எண் மாறிப் போன பணம்

வங்கியில் கவுண்டரில் உட்காரும் எழுத்தருக்கு, வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்ததுமே சில விஷயங்கள் தெரிந்துவிடும். பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பிவிட்டு ஓடி வருபவர் அப்படித்தான், கையில் மொபைலை நீட்டிக்கொண்டே வருவார். சில ஆண்டுகளுக்கு முன் ஈரோட்டுப் பக்கம் நான் வேலை பார்த்த கிளைக்கு அப்படி ஒருவர் வந்தார். சிறிய விசைத்தறிக்கூடம் வைத்திருப்பவர். ராஜபாளையத்து நூல் வியாபாரிக்கு அனுப்ப வேண்டிய 1,35,000 ரூபாயை மொபைல் செயலி வழியாக நெஃப்டில் அனுப்பியிருக்கிறார். வியாபாரியோ பணம் வரவில்லை என்கிறார்.

கணக்கு எண்ணைச் சரிபார்த்தோம். நடுவில் 47 என்று இருக்க வேண்டிய இடத்தில் 74 என்று இருந்தது.

"பேர் சரியாத்தானுங்க போட்டிருக்கேன். ஆளு பேரும் நம்பரும் சேரலீன்னா பேங்க்ல நிறுத்த மாட்டாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தந்த அறிவுறுத்தலின்படி, மின்னணுப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைக்கலாம். பெயரைப் பொருத்திப் பார்க்க வேண்டிய கட்டாயம் பெறும் வங்கிக்கு இல்லை. எண்ணைச் சரியாகத் தருவது அனுப்புகிறவரின் பொறுப்பு. லட்சக்கணக்கான பரிமாற்றங்களில் 'எஸ். முருகன்', 'முருகன் எஸ்' என்பதையெல்லாம் ஒப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது என்பது நிர்வாகக் காரணம். அதன் சுமை முழுவதும் சாதாரண மனிதரின் விரல் நுனியில் வந்து விழுந்தது என்பது என் வருத்தம்.

தவறான எண்ணில் கணக்கே இல்லை என்றால் கவலை குறைவு. நெஃப்ட் பணம் அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் போகிறது. வரவு வைக்க முடியாத பணத்தை, அந்தத் தொகுதி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி திருப்பி அனுப்பிவிட வேண்டும். எனவே, முதலில் அந்த நேரம் வரை காத்திருந்தோம். பணம் திரும்பவில்லை. அப்படியென்றால் அந்த எண்ணில் உயிருள்ள கணக்கு ஒன்று இருக்கிறது, பணம் அதில் விழுந்துவிட்டது என்று பொருள்.

காத்திருந்த நேரத்தில் அவரிடம் எழுத்து மூலம் புகார் வாங்கினேன். வாயால் சொன்னது வங்கியில் நிற்காது. அந்தக் கடிதத்தில் முக்கியமானது யுடிஆர் எண். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனித்தனியாக விழும் அடையாள எண் அது. அதில்லாமல் எதிர்வங்கியில் யாராலும் எதையும் தேட முடியாது. தேதி, தொகை, தவறாகப் போன எண், போயிருக்க வேண்டிய எண், பணம் தவறுதலாகச் சென்றது என்ற வாக்குமூலம், நூல் வியாபாரியின் பில் நகல் எல்லாவற்றையும் சேர்த்து, முத்திரையிட்ட ஒப்புகையும் கொடுத்தேன். பில் நகல் ஏன் என்றால், கேட்கும் பணம் உண்மையிலேயே வேறொருவருக்குப் போக வேண்டியது என்று எதிர்க்கிளை மேலாளர் நம்ப வேண்டும்.

அப்போதுதான் அவர் கோபப்பட்டார். "அந்த ஆளு பேரும் போன் நம்பரும் குடுங்க. நானே பேசிக்கறேன்." அது முடியாது. வாடிக்கையாளரின் விவரங்களை வெளியே சொல்லாமல் காப்பது வங்கியின் கடமை. அதேபோல, கணக்குக்காரரின் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல், ஒரு தனிமனிதரின் புகாரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிடவும் எந்த வங்கியும் துணியாது. யாரோ ஒருவர் 'தவறாக அனுப்பிவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்ததும் நம் கணக்கிலிருந்து பணம் போனால் நாம் ஒப்புக்கொள்வோமா? வங்கியால் செய்யக்கூடியது, பணம் பெற்றவரிடம் தகவல் சொல்லி அவர் சம்மதத்தைக் கேட்டு வாங்குவது.

எங்கள் மேலாளர் எதிர்க்கிளைக்கு மின்னஞ்சல் அனுப்பினார், தொலைபேசியிலும் பேசினார். பணம் விழுந்திருந்தது விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், நூறு நாள் வேலைக் கூலி வரும் ஒரு பெண்ணின் கணக்கில். பதிவு செய்திருந்த மொபைல் எண் இப்போது அவரிடம் இல்லை. அதனால் குறுஞ்செய்தி அவரைச் சேரவே இல்லை, பணம் வந்தது அவருக்குத் தெரியாது. அந்த ஊருக்குப் போய்வரும் வங்கி முகவர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். பாஸ்புக்கோடு வந்த அந்த அம்மாள் ஒரு தயக்கமும் இல்லாமல் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டார். இந்தப் பணத்தைப் பற்றி நாளைக்கு யாரும் தன்னிடம் கேட்கக் கூடாது என்று ஒரு காகிதம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். வந்த தொகை முழுவதும் வந்த கணக்குக்கே திரும்பியது.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. பணம் விழுந்த கணக்கு ஓவர்டிராஃப்டில் இருந்தால் விழுந்தவுடன் கடனில் கழிந்துபோகும். தவணை பிடித்தம் இருந்தால் அதுவும் போகும். பெற்றவர் எடுத்துச் செலவழித்திருக்கலாம், 'தர மாட்டேன்' என்றும் சொல்லலாம். அங்கே வங்கியின் வேலை முடிந்து சட்டத்தின் வேலை தொடங்குகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. தெரிந்தே நேர்மையற்று வைத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவில் குற்றமாகலாம். வழக்கறிஞர் நோட்டீஸ், காவல் நிலையப் புகார், உரிமையியல் வழக்கு என்று போக வேண்டியிருக்கும். வங்கி தந்த ஒப்புகையும் பதில் கடிதங்களும் அங்கே சான்றாக நிற்கும்.

வங்கியே புகாரைக் கிடப்பில் போட்டால், 30 நாட்கள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் எழுதலாம். ஆனால் அவர் பார்ப்பது வங்கியின் சேவைக் குறையை. எண்ணைத் தவறாகப் போட்டது நாமாக இருந்து, வங்கி தன் பங்கைச் செய்திருந்தால், அங்கே பணம் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். யுபிஐயில் தவறியிருந்தால், அதே செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து புகார் பதிவு செய்துவிட்டு, வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். 1930 என்ற எண் மோசடிக்கானது. நாமே தவறாக அனுப்பியதற்கு அது இடமில்லை.

அந்த விசைத்தறிக்காரர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் வந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 1க்குள், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் கணக்கு எண்ணைப் போட்டதும் கணக்குக்காரரின் பெயரைக் காட்டும் வசதியைக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. பெறும் வங்கியின் பதிவில் உள்ள பெயரே திரையில் வரும். 47, 74 ஆனால் வேறொருவர் பெயர் கண்ணில் படும். பலர் அந்தப் பெயரைப் படிக்காமலே அடுத்த பொத்தானை அழுத்துவதை நான் பார்க்கிறேன். தயவுசெய்து படியுங்கள். புதிய கணக்கென்றால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, சேர்ந்ததா என்று கேட்டுக்கொண்டு மீதியை அனுப்புங்கள்.

பணம் பெறும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தெரியாத பணம் உங்கள் கணக்கில் விழுந்தால் எடுக்காதீர்கள். யாராவது போன் செய்து 'தவறாக வந்துவிட்டது, இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்' என்றால் அதையும் நீங்களாக அனுப்பாதீர்கள். அது மோசடிப் பணமாக இருந்தால் விசாரணையில் உங்கள் கணக்கு முடக்கப்படலாம். நேராக உங்கள் கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள். வந்த வழியிலேயே வங்கி அதைத் திருப்பி அனுப்பும்.