நீக்கிய இடத்தில் இருப்பது என்ன?

விடுமுறைப் படத்தில் வானத்தை மாற்றவோ பின்னால் நிற்கும் அந்நியரை நீக்கவோ முன்பு மென்பொருள் பழகியிருக்க வேண்டும். இன்று கைத்தொலைபேசிச் செயலியில் ஒரு வசனம் எழுதினால் போதும். ஆனால் அந்த வசனத்தை எப்படி எழுதுவது, அதன்பின் படத்தில் எஞ்சுவது என்ன என்பவற்றை அறிந்துகொள்வது நல்லது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையில் ஒரு குடும்பம் நிற்கிறது. வானம் சாம்பல் நிறம். வலப்பக்கத்தில், நீரோரமாக, சிவப்புக் குடையுடன் ஒருவர் நிற்கிறார். "படத்தை அழகாக்கவும்" என்று மட்டும் எழுதினால் செயலி தன் விருப்பப்படி முகங்களையும் மெருகூட்டிவிடும். எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக்கூடாது என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றமே நல்லது.

முதலாவது கட்டளை: "வலப்பக்கம் சிவப்புக் குடையுடன் நிற்பவரையும், நீரில் தெரியும் அவரது பிம்பத்தையும் நீக்கவும். மற்ற எதையும் மாற்ற வேண்டாம்." பிம்பத்தைச் சொல்லாமல் விட்டால், கரையில் ஆளில்லாமல் நீரில் மட்டும் ஒரு சிவப்புக் குடை மிதக்கக்கூடும்.

இரண்டாவது கட்டளை: "வானத்தில் மேகங்களுக்கிடையே வெளிர் நீலம் தெரியட்டும். நீரில் விழும் வானத்தின் நிறத்தையும் அதற்கேற்ப மாற்றவும். முகங்கள், உடைகள், மலைகள் அப்படியே இருக்கட்டும்." இங்கே செக்கச் சிவந்த அந்தி வானத்தைக் கேட்டால் படம் பொய்யென்று உடனே தெரிந்துவிடும். மேகமூட்டமான நாளில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் மென்மையாக வருவதால் நிழல்கள் மங்கலாக இருக்கும். அந்திச் சூரியனோ ஒரு பக்கத்திலிருந்து பொன்னிற ஒளியையும் நீண்ட நிழல்களையும் தரும். வானம் மாலையாகவும் முகங்கள் மதியமாகவும் இருந்தால் கண் அதை நம்பாது.

முடிவைப் பெரிதாக்கி மூலப்படத்துடன் ஒப்பிட வேண்டும். முகச்சாயல், விரல்கள், பலகை எழுத்துகள், தலைக்கும் வானத்துக்கும் இடையிலான விளிம்பு ஆகியன முதலில் பார்க்க வேண்டியவை. சில செயலிகள் குறித்த பகுதியை மட்டுமன்றி முழுப் படத்தையும் புதிதாக வரைவதால் உம்மாவின் முகம் உம்மாவைப் போன்ற வேறொருவரின் முகமாகிவிடலாம். அப்படியானால் திருத்திய படத்தையே மீண்டும் திருத்தாமல், மூலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இனி முக்கியமான கேள்வி. குடைக்காரர் மறைந்த இடத்தில் இப்போது தெரியும் கரை எங்கிருந்து வந்தது? கமரா அதைக் காணவில்லை. திரையை விலக்கியதும் பின்னாலிருப்பது தெரிவதைப் போன்றதல்ல இது. சுற்றியுள்ளவற்றைப் பார்த்து, அங்கே என்ன இருந்திருக்கலாம் என்று செயலி ஊகித்து வரைந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு நீக்கமும் ஒரு சேர்க்கைதான்.

இதிலிருந்துதான் நேர்மையின் எல்லை தொடங்குகிறது. வீட்டு அல்பத்தில் அந்நியரை நீக்குவதால் எவரும் ஏமாறுவதில்லை. அனுமதியின்றி அவர் முகத்தைப் பகிராமல் இருப்பது அவருக்குச் செய்யும் மரியாதையும்கூட. ஆனால் பயணத்தில் கூட வந்த ஒருவரை, பின்னர் மனக்கசப்பு வந்ததற்காக நீக்கினால், யார் வந்தார்கள் என்ற உண்மையே மாறிவிடுகிறது. அதேபோல, நீல வானமிட்ட படத்தை ஒரு விடுதி தன் விளம்பரத்தில் போட்டால், அதை நம்பி ஒருவர் பணம் செலவழிக்கிறார். செய்தியிலும், போட்டியிலும், விபத்துச் சான்றிலும் படம் "இதுதான் நடந்தது" என்று சாட்சி சொல்கிறது. அங்கே ஒரு குடையை நீக்குவதும் பொய்ச் சாட்சியே.

இந்த வாதம் புதியதல்ல. 1982 பெப்ரவரியில் நெஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை, கிஸா பிரமிட்டுகளின் அகலமான படமொன்றை நெடிய அட்டையில் அடக்குவதற்காக, கணினி மூலம் பிரமிட்டுகளை நெருக்கி வைத்தது. புகைப்படக்காரர் சற்றுத் தள்ளி நின்று எடுத்ததற்கு ஒப்பானதே இது என்று அப்போது நியாயம் சொல்லப்பட்டது. பின்னர் அச்சஞ்சிகையே அதைத் தவறென்று ஏற்றுக்கொண்டது. பிரமிட்டுகள் உண்மையானவைதாம். ஆனால் அந்தக் காட்சி எந்தக் கண்ணுக்கும் அப்படித் தெரிந்ததில்லை.

ஆகவே படத்தை அனுப்புமுன் ஒரு கேள்வி போதும்: இதைப் பார்ப்பவர் எதை நம்புவார், அதை நம்பி ஏதேனும் முடிவு எடுப்பாரா? முடிவு எடுப்பார் என்றால் மூலப்படத்தையே கொடுக்க வேண்டும். ஏனைய வேளைகளில் மூலத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு, படத்தின் கீழ் "வானம் மாற்றப்பட்டது" என்று எழுதிவிடலாம். இரண்டே சொற்கள்தாம், அவை இருந்தால் படமும் அழகாக இருக்கும், பார்ப்பவரும் ஏமாறமாட்டார்.