ஊரெல்லாம் ஓடும் விபிஎன் வீட்டு வைஃபையில் ஏன் நின்றுபோகிறது?

வாசலில் இரண்டு கேமரா, மாடிப்படியில் ஒன்று, அவற்றின் பதிவுப் பெட்டி டிவிக்குக் கீழே. வெளியூரில் இருக்கும்போதும் படம் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பெட்டியை நேராக இணையத்துக்குத் திறந்துவிடப் பயம். பயப்படுவது நியாயம்தான், அந்த மாதிரிப் பெட்டிகளின் மென்பொருளில் ஓட்டைகளுக்குக் குறைவில்லை. அதனால் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு ராஸ்பெர்ரி பை வாங்கி, அதில் வயர்கார்டு விபிஎன் சர்வரை நிறுவி, போனிலிருந்து அதன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைகிறார்கள். பஸ்ஸில், ஆபீஸில், மாமியார் வீட்டில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது.

வீட்டுக்கு வந்து போன் சொந்த வைஃபையைப் பிடித்ததும் கதை மாறுகிறது. கேமரா வராது, வாட்ஸப் வராது, எதுவுமே வராது. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்குப் போனால் உடனே எல்லாம் வந்துவிடும். சர்வர் இருப்பதோ அடுத்த அறையில்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் ஆப்பை அழித்து மறுபடி நிறுவுவார்கள், சாவிகளைப் புதிதாக உருவாக்குவார்கள். அதனால் பலன் இல்லை. சாவி தவறாக இருந்தால் மொபைல் டேட்டாவிலும் வேலை செய்திருக்காதே. கோளாறு ரவுட்டரில் இருக்கிறது. நடப்பதைப் புரிந்துகொள்ள நான்கு எண்கள் போதும்.

இணைய நிறுவனம் உங்கள் இணைப்புக்குக் கொடுத்திருக்கும் பொது முகவரி 203.0.113.45 என்று வைத்துக்கொள்வோம் (உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண் இது). வீட்டுக்குள் ரவுட்டரின் முகவரி 192.168.1.1. ராஸ்பெர்ரி பை 192.168.1.10. போன் 192.168.1.23. வீட்டுக்குள் இருக்கும் இந்த மூன்று எண்களும் உங்கள் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம், ஏனென்றால் அவை வெளியே செல்லாத உள்முகவரிகள். உள்ளிருந்து இணையத்துக்குப் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் அனுப்புநர் முகவரியை அழித்து, அங்கே 203.0.113.45 என்று ரவுட்டர் எழுதி அனுப்புகிறது. இதைத்தான் நேட் என்கிறார்கள்.

வெளியிலிருந்து தானாக வரும் பொட்டலம் யாருக்கு என்று ரவுட்டருக்குத் தெரியாது. அதனால்தான் நீங்கள் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் ஒரு விதி எழுதினீர்கள்: யுடிபி 51820 என்ற போர்ட்டுக்கு எது வந்தாலும் 192.168.1.10-க்கு அனுப்பு. போன் மொபைல் டேட்டாவில் இருக்கும்போது அதன் பொட்டலம் இணையம் சுற்றி ரவுட்டரின் வெளிப்பக்க வாசலில் வந்து விழுகிறது, விதி பொருந்துகிறது, பெறுநர் முகவரி மாற்றப்பட்டு ராஸ்பெர்ரி பைக்குப் போகிறது. வேலை முடிந்தது.

அதே போன் வீட்டு வைஃபையில் இருக்கும்போது பார்ப்போம். அதன் விபிஎன் அமைப்பில் சர்வர் முகவரி என்று இருப்பது பொது முகவரிதான். ஆகவே 192.168.1.23-இலிருந்து 203.0.113.45-க்கு ஒரு பொட்டலம் கிளம்புகிறது. அது ரவுட்டரிடம் வருகிறது, ஆனால் உள்பக்க வாசல் வழியாக. சாதாரண ரவுட்டர்கள் பலவற்றில் ஃபார்வர்டிங் விதி வெளிப்பக்க வாசலோடு மட்டுமே கட்டப்பட்டிருக்கிறது. உள்ளிருந்து வந்த பொட்டலத்துக்கு அந்த விதி பொருந்துவதில்லை. 203.0.113.45 என்பது ரவுட்டரின் சொந்த முகவரி என்பதால் அதை வெளியே அனுப்பவும் முடியாது. ‘எனக்குத்தான் வந்திருக்கிறது’ என்று எடுத்துப் பார்க்கிறது, தன்னிடம் 51820-இல் எந்த நிரலும் இல்லை, தூக்கிப் போட்டுவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனிடம் ‘கேட்டுக்கு வரும் பார்சலைப் பத்தாம் நம்பர் வீட்டில் கொடு’ என்று சொல்லிவைத்தால், கேட்டுக்கு உள்ளேயே குடியிருப்பவர் கொண்டுவந்து நீட்டும் பார்சலை அவர் வாங்க மறுப்பது போலத்தான்.

உள்ளிருந்து வந்த பொட்டலத்தையும் அதே விதிப்படி உள்ளுக்கே திருப்பி அனுப்பும் திறமைக்கு நேட் லூப்பேக் என்று பெயர். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் `NAT Loopback`, `Hairpin NAT`, `NAT Reflection` என்று மூன்று பெயர்களில் எதிலாவது தென்படும். இது ஏதோ ஆடம்பர வசதி என்று நினைக்க வேண்டாம். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 4787 ஆவணம், யுடிபி போக்குவரத்தைக் கையாளும் ஒவ்வொரு நேட் கருவியிலும் இது கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. இருந்தும் அது இல்லாத ரவுட்டர்கள் வீடுகளில் உட்கார்ந்திருக்கின்றன.

லூப்பேக் பாதி மட்டும் இருக்கும் ரவுட்டர்களும் உண்டு. அவை இன்னும் குழப்பும். அப்படிப்பட்ட ரவுட்டர் பெறுநர் முகவரியை 192.168.1.10 என்று சரியாக மாற்றிவிடும், ஆனால் அனுப்புநர் முகவரியை 192.168.1.23 என்றே விட்டுவிடும். ராஸ்பெர்ரி பை அதைப் பார்த்து, ‘இவர் நம் வீட்டுக்காரர்தானே’ என்று பதிலை நேராகப் போனுக்கே அனுப்பும். பதில் அதே ரவுட்டர் பெட்டி வழியாகத்தான் போகும் என்றாலும், ஒரே நெட்வொர்க்குக்குள் நடப்பதால் முகவரி மாற்றும் பகுதியைத் தொடாமல் போய்விடும். போன் 203.0.113.45-இடமிருந்து பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்க, வந்து நிற்பது 192.168.1.10. ஓபன்விபிஎன் இதை ஏற்றுக்கொள்ளாது. அதன் லாகில் `Incoming packet rejected` என்று தொடங்கும் வரியும், பின்னாலேயே `expected peer address` என்பதும் தெரியும். வயர்கார்டு இந்த விஷயத்தில் தாராளம். பதில் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் சாவி சரியாக இருந்தால் ஏற்றுக்கொண்டு, இனி அந்த முகவரிக்கே பேசத் தொடங்கிவிடும். ஆகவே பாதி லூப்பேக் உள்ள வீட்டில் வயர்கார்டு ஓடி ஓபன்விபிஎன் ஓடாமல் போகலாம். முழு லூப்பேக் என்றால் ரவுட்டர் அனுப்புநர் இடத்திலும் தன் முகவரியை எழுத வேண்டும். அப்போதுதான் பதில் ரவுட்டருக்கே திரும்பி, அங்கிருந்து சரியான பெயரில் போனுக்குப் போகும்.

கேமரா வராதது சரி, வாட்ஸப் ஏன் வருவதில்லை? வயர்கார்டு அமைப்பில் `AllowedIPs = 0.0.0.0/0` என்று இருந்தால், போனின் போக்குவரத்து முழுவதும் சுரங்கத்துக்குள் போக வேண்டும் என்று பொருள். சர்வர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் போனில் விபிஎன் ‘ஆன்’ என்றே காட்டும். அடைபட்ட சுரங்கத்துக்குள் எல்லாமே போய் விழுகிறது. அந்த இடத்தில் `192.168.1.0/24` என்று மட்டும் இருந்தால் கேமரா மட்டும் நிற்கும், வாட்ஸப் ஓடும்.

இதுதான் கோளாறு என்று எப்படி உறுதிசெய்வது? வயர்கார்டு ஆப்பில் அனுப்பிய அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், பெற்ற அளவு சுழியிலேயே நிற்கும். லாகில் `Handshake did not complete after 5 seconds` என்ற வரி திரும்பத் திரும்ப வரும். ஆனால் இது சர்வர் செத்துக் கிடந்தாலும் வரும். தீர்மானமான சோதனை ராஸ்பெர்ரி பையில்தான் இருக்கிறது. அங்கே இதை ஓடவிட்டுவிட்டுப் போனில் விபிஎன்னை இயக்குங்கள்:

```
sudo tcpdump -ni eth0 udp port 51820
```

மொபைல் டேட்டாவில் வரிகள் கொட்டி, வைஃபையில் ஒன்றுகூட வராவிட்டால் ரவுட்டரில் லூப்பேக் இல்லை. வைஃபையில் 192.168.1.23 என்ற அனுப்புநரோடு வரிகள் வந்தால் பாதி லூப்பேக். அனுப்புநராக ரவுட்டரின் முகவரி தெரிந்தால் லூப்பேக் சரியாக இருக்கிறது, கோளாறை வேறெங்காவது தேடுங்கள்.

வேறு இரண்டு நோய்கள் இதே முகத்தோடு வரும். மொபைல் டேட்டாவிலும் விபிஎன் ஓடவில்லை, ரவுட்டரின் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையே தொடங்குகிறது என்றால், உங்கள் நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுத் தருகிறது. உங்களுக்கென்று பொது முகவரியே இல்லை. விபிஎன்னை அணைத்துவிட்டு வைஃபையிலிருந்து 192.168.1.10-ஐத் தொட்டாலும் பதில் இல்லை என்றால், போன் விருந்தினர் வைஃபையில் இருக்கலாம். அது வீட்டுக் கருவிகளைப் பார்க்க விடாது.

இனி தீர்வு. ரவுட்டரில் மேலே சொன்ன பெயர்களில் ஒரு பெட்டி இருந்தால் டிக் செய்யுங்கள், அத்தோடு முடிந்தது. ஓபன்டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டரில் ஒவ்வொரு போர்ட் ஃபார்வர்டு விதியிலும் இந்தத் தேர்வு இருக்கிறது. இணைய நிறுவனமே கொடுத்த பெட்டி என்றால் அமைப்புப் பக்கத்தில் இது கண்ணில் படாமலே போகலாம்.

பெட்டி இல்லாதவர்கள் பெயரை வைத்து ஒரு வழி செய்யலாம். விபிஎன் அமைப்பில் எண்ணுக்குப் பதில் ஒரு பெயர் இருக்க வேண்டும், `veedu.example.net` மாதிரி. வெளியே அந்தப் பெயரைக் கேட்டால் பொது முகவரி கிடைக்கும். வீட்டுக்குள் மட்டும் ராஸ்பெர்ரி பையே டிஎன்எஸ் சர்வராக இருந்து உள்முகவரியைச் சொல்லும்படி செய்யலாம். டிஎன்எஸ்மாஸ்க் நிரலில் ஒரே வரி:

```
address=/veedu.example.net/192.168.1.10
```

பின்பு ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் டிஎன்எஸ் முகவரியாக 192.168.1.10-ஐக் கொடுக்க வேண்டும். இனி வீட்டுக்குள்ளிருந்து போன் நேராக ராஸ்பெர்ரி பையிடம் பேசும், நேட் குறுக்கே வராது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இடறும் இடங்கள் உண்டு. வெளி போர்ட்டும் உள் போர்ட்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். வெளியே 443, உள்ளே 51820 என்று மாற்றி வைத்திருந்தால் இது உதவாது. ஆண்ட்ராய்டு போனில் `Private DNS` என்ற இடத்தில் வெளி சர்வரின் பெயரைக் கொடுத்திருந்தால் வீட்டு டிஎன்எஸ்ஸைப் போன் கேட்கவே கேட்காது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, வயர்கார்டு பெயரைத் தேடுவது விபிஎன்னை இயக்கும் நேரத்தில்தான். தெருவிலேயே இயக்கிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் பழைய பொது முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை அணைத்து இயக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போதும் இதே கூத்து தலைகீழாக நடக்கும்.

என்னைக் கேட்டால், பெரும்பாலான வீடுகளுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. வீட்டு வைஃபையில் இருக்கும்போது விபிஎன் எதற்கு? கேமராப் பெட்டியின் 192.168.1 முகவரி விபிஎன் வழியாகப் போனாலும் அதேதான், நேராகப் போனாலும் அதேதான். கேமரா ஆப்பில் எதையும் மாற்ற வேண்டாம். ஐபோனின் வயர்கார்டு ஆப்பில், குறிப்பிட்ட வைஃபை பெயரில் மட்டும் விபிஎன்னை இயக்காதே என்று சொல்லிவைக்கும் வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் இதற்கு ‘டபிள்யூஜி டனல்’ போன்ற வேறு ஆப் தேவைப்படும்.

லூப்பேக் கட்டாயம் தேவைப்படுவது, ஒரே பொது முகவரியில் விபிஎன்னோடு சொந்த இணையதளம், புகைப்படச் சேமிப்பு என்று பலவற்றை வீட்டிலிருந்தே நடத்துகிறவர்களுக்கு. அப்படிப்பட்டவர் புது ரவுட்டர் வாங்கப் போனால், அதன் கையேட்டில் `NAT Loopback` அல்லது `Hairpin NAT` என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.