நாய்க்குட்டிக்கு டொக்டர் தேடியவள்
(கைத்தொலைபேசிக் களவுகள் – 6)

மாத்தளையில் ரத்தோட்டை பஸ்ஸுக்காக நின்றபோதுதான் வட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தது. "டொக்டர், என் நாய்க்குட்டி சாப்பிட மாட்டேன் என்கிறது, நாளைக்குத் தூக்கிவரட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. நான் டொக்டரும் இல்லை, என்னிடம் நாயும் இல்லை. பாவம், குட்டி பட்டினி கிடக்கிறதே என்று "நம்பர் பிழை" எனப் பதில் போட்டேன்.

மோசடிக்காரர்களுக்கு வேண்டியது அந்தப் பதில்தான். இந்த இலக்கத்தில் ஆள் இருக்கிறார், முன்பின் தெரியாதவருக்கும் மறுமொழி சொல்வார் என்று தெரிந்துபோகிறது. உடனே மன்னிப்பு, பிறகு நன்றி, பிறகு ஊர் விசாரிப்பு. சிங்கப்பூரில் தளபாட வியாபாரம் செய்கிறாளாம். இந்தத் தொடருக்கு உதவட்டும் என்று நானும் பேச்சை வளர்த்தேன். மூன்று வாரம் காசு பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாப்பிட்டீர்களா என்றாள். மிளகு என்ன விலை போகிறது என்றாள். எங்கள் ஊர் மிளகு வியாபாரிகள்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை.

சீனர்கள் இந்தக் களவுக்கு வைத்த பெயர் பன்றி வளர்ப்பிலிருந்து வந்தது. கொழுக்க வைத்துப் பிறகு அறுப்பது. அந்த மூன்று வாரமும் எனக்குப் போட்ட தீவனம்.

பிறகுதான் அவளுடைய மாமா ஒருவர் பேச்சில் வந்தார். தங்கத்தின் ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே கணிப்பவராம். அவர் சொல்லும் நேரத்தில் வாங்கி விற்றால் போதும், வெறும் 25,000 ரூபாயில் தொடங்கலாம் என்றாள். ஒரு செயலிக்கான இணைப்பும், உள்ளூர் வங்கிக் கணக்கு இலக்கம் ஒன்றும் வந்தன. கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, யாரோ ஒரு தனிமனிதரின் பெயரில் இருந்தது. கொழும்பில் பங்கு வாங்குவதென்றால்கூட பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற தரகர் ஊடாக, உங்கள் பெயரிலேயே சிடிஎஸ் கணக்குத் திறக்க வேண்டும். இங்கே முதலீடு யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. இரண்டு நாள் கழித்து, "அந்தக் கணக்கு வேண்டாம், இதில் போடுங்கள்" என்று வேறொரு பெயரைத் தந்தாள். முறைப்பாடு போனால் கணக்கை முடக்கிவிடுவார்கள் என்பதால் இரவல் கணக்குகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

நான் அங்கேயே நின்றுகொண்டேன். நிற்காதவருக்கு என்ன நடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25,000 போடுகிறார். செயலியில் 29,000 என்று காட்டுகிறது. எடுக்க முடியுமா என்று சோதிக்கிறார். 29,000 உண்மையிலேயே கைக்கு வருகிறது. இந்த நாலாயிரம்தான் தூண்டிலில் குத்திய புழு. அடுத்து நகையை அடகு வைத்து ஐந்து இலட்சம் போடுகிறார். திரையில் அது பதினாலு இலட்சமாகிறது. சந்தையில் எதுவும் நடக்கவில்லை, அந்த எண்ணைத் தட்டிப் போடுவது அவர்கள். எடுக்கப் போனால், ஒன்பது இலட்சம் இலாபத்துக்கு இருபது வீத வரியாக 1,80,000 ரூபாயை முதலில் கட்டச் சொல்கிறார்கள். இலாபத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்பார்கள். இல்லாத காசில் எப்படிக் கழிப்பது? வரியைக் கட்டினால் அடுத்து 'கணக்கு உறுதிப்படுத்தும் கட்டணம்' வரும்.

படிப்பறிவு குறைந்தவர்கள்தான் மாட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்து எல்க்ஹார்ட் என்ற சிற்றூர் வங்கியின் தலைவராக இருந்தவர் ஷான் ஹேன்ஸ். வட்ஸ்அப்பில் தொடங்கிய பழக்கம் அவரைக் கிரிப்டோவுக்கு இழுத்தது. தன் காசு, மகளின் படிப்புக்கு வைத்த காசு, தேவாலயத்தின் காசு எல்லாம் போன பிறகு, 2023இல் சில வாரங்களுக்குள் வங்கியிலிருந்தே 4 கோடியே 71 இலட்சம் டொலரை அனுப்பினார். இன்னும் கொஞ்சம் கட்டினால் முழுவதும் வந்துவிடும் என்றே கடைசிவரை நம்பியிருக்கிறார். அந்த ஜூலையில் வங்கி மூடப்பட்டது. 2024இல் அவருக்கு 24 வருடத்துக்கு மேல் சிறை. ஆயுள் முழுக்கக் கடன் விண்ணப்பங்களைச் சந்தேகத்தோடு பார்த்த மனிதர்!

மறுமுனையில் இருப்பவர் எங்கோ கடல் கடந்து இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2024 ஒக்டோபரில், எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கண்டியில், குண்டசாலை ஹோட்டல் ஒன்றில் இணைய நிதி மோசடி தொடர்பாக நூற்றுக்கும் மேற்பட்ட சீனர்களைப் பொலிஸார் கைதுசெய்தார்கள். மறுபக்கம், வேலை என்று நம்பிப் போன எங்கள் நாட்டுப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவடி முகாம்களில் அடைபட்டு, இதே செய்திகளைத் தட்டச்சு செய்தார்கள். எனக்குச் சாப்பிட்டீர்களா என்று எழுதிய விரல்கள் யாருடையவை என்று நான் அறியேன்.

காசு போட்டுவிட்டவர் வெட்கத்தில் உரையாடலை அழிக்கக் கூடாது. பணம் போன கணக்கு இலக்கம், திகதி, தொகையுடன் அன்றைக்கே தன் வங்கிக்குப் போக வேண்டும், பிறகு பொலிஸுக்கு. அந்தக் கணக்கிலிருந்து காசு வெளியேறுவதற்குள் முடக்கினால்தான் ஏதாவது மிஞ்சும்.

இதெல்லாம் முடிந்து சில வாரங்களில் இன்னொரு அழைப்பு வரும். இழந்த காசை மீட்டுத் தரும் சட்டத்தரணி என்பார், முன்பணம் கேட்பார். உங்கள் இலக்கம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.