பாக்கியையும் சொல்லட்டும் ரசீது

கல்யாணச் சமையல் காண்டிராக்டர் ஒருவரிடம் 2,40,000 ரூபாய்க்குப் பேசி முடிக்கிறீர்கள். முன்பணமாக 50,000 ரூபாயை ஜிபேயில் அனுப்புகிறீர்கள். "வந்துடுச்சு சார், நன்றி" என்று பதில் வருகிறது. இனி 1,90,000 தான் தரவேண்டும் என்று நீங்கள் எழுதி வைத்துக்கொள்கிறீர்கள். அவர் நோட்டிலோ பாக்கி 1,98,000 என்று இருக்கிறது. போன வருடம் உங்கள் வீட்டுக் காதுகுத்து விருந்தில் நின்றுபோன 8,000 ரூபாயை அவர் முதலில் கழித்துக்கொண்டார். இந்த வித்தியாசம் வெளியே வருவது பெரும்பாலும் கல்யாணம் முடிந்து, மண்டபத்தைக் காலிசெய்யும் அவசரத்தில்தான்.

காண்டிராக்டர் செய்தது ஏமாற்று வேலை அல்ல. ஒருவருக்கு இரண்டு கடன் இருந்து, எதற்காகத் தருகிறேன் என்று சொல்லாமல் பணம் கொடுத்தால், வாங்குபவர் அதைத் தன் விருப்பப்படி எந்தக் கடனிலும் வரவு வைக்கலாம் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். 'இது இன்னதற்கு' என்று கொடுப்பவர் சொல்லிவிட்டால், வாங்குபவர் அதை மாற்ற முடியாது. ஆகவே பணம் அனுப்பும்போதே 'கல்யாண முன்பணம்' என்று இரண்டு சொல் சேர்த்து அனுப்புங்கள். அவருடைய பதிலும் இப்படி இருந்தால் குழப்பத்துக்கு இடமே இல்லை:

"வணக்கம் சார். தங்கள் மகள் திருமணச் சமையலுக்கு முன்பணம் ரூ.50,000 (ரூபாய் ஐம்பதாயிரம் மட்டும்) இன்று ஜிபே மூலம் வந்து சேர்ந்தது. மொத்தம் பேசியது ரூ.2,40,000. பாக்கி ரூ.1,90,000. காதுகுத்து விருந்தின் பழைய பாக்கி ரூ.8,000 தனி. மிக்க நன்றி."

பழைய பாக்கியைத் தனி வரியில் சொன்னதைக் கவனியுங்கள். அதில் ஆட்சேபம் இருந்தால் அன்றைக்கே பேசிக்கொள்ளலாம். தொகையை எழுத்தாலும் எழுதுவது, ஒரு சைபர் கூடிக் குறைந்துவிடாமல் இருக்க. யூபிஐ பரிவர்த்தனைக்கு வரும் 12 இலக்க எண்ணையும் சேர்த்துவிட்டால், பின்னாளில் பேங்க் ஸ்டேட்மெண்டில் தேட வசதி.

பணம் வந்த வழியைக் குறிப்பிடுவது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஜிபே என்றால், வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ரசீது அனுப்பக்கூடாது; போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிப்பது சுலபம். நம் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே 'வந்து சேர்ந்தது' என்று எழுதவேண்டும்.

செக் இன்னும் நுணுக்கமானது. அடுத்த தவணையாக நீங்கள் 1,00,000 ரூபாய்க்குச் செக் கொடுக்கிறீர்கள். அன்றே 'பாக்கி ரூ.90,000' என்று அவர் எழுதிவிட்டு, செக் திரும்பி வந்தால், வராத பணத்துக்கு ரசீது கொடுத்தவர் ஆகிவிடுவார். 'ரூ.1,00,000க்கான செக் கிடைத்தது. பாஸானதும் வரவு வைக்கப்படும்' என்று செக் எண்ணோடு எழுதுவதே சரி. அதுவரை பாக்கி 1,90,000 தான். பாஸான பிறகு 90,000 என்று இன்னொரு செய்தி.

ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால், காகித ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் குறுக்கே கையெழுத்துப் போடவேண்டும். அதே ஸ்டாம்பை இன்னொரு ரசீதுக்குப் பயன்படுத்த முடியாதபடி செய்வதற்குத்தான் அந்தக் குறுக்குக் கையெழுத்து. கல்யாண வேலையில் இன்னொரு வரம்பும் உண்டு. ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. நாலைந்து தவணையாகப் பிரித்து வாங்கினாலும் கூட்டுத்தொகைதான் கணக்கு. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம் என்பதால், வாங்குபவர்தான் உஷாராக இருக்கவேண்டும்.

கடைசித் தவணையில்தான் பலரும் ரசீதையே மறந்துவிடுகிறார்கள். பந்தியில் 30 இலை கூடிவிட்டது, இலைக்கு 250 வீதம் 7,500 என்று வைத்துக்கொள்வோம். பேசியதில் மீதி 90,000, கூடுதல் இலைக்கு 7,500, காதுகுத்துப் பாக்கி 8,000, ஆக 1,05,500. இந்த மூன்றையும் தனித்தனியாகக் காட்டி, 'முழுவதும் வந்து சேர்ந்தது, இனி பாக்கி ஏதுமில்லை' என்று முடித்தால்தான் கணக்கு தீர்ந்ததாக அர்த்தம். வெறும் 'ரூ.1,05,500 பெற்றுக்கொண்டேன்' என்ற ரசீது, பணம் வந்ததற்கு மட்டுமே அத்தாட்சி.

நன்றி சொல்லும் வரியில் அடுத்த பாக்கியை நினைவூட்டாதீர்கள். 'நன்றி, மீதியைச் சீக்கிரம் அனுப்பவும்' என்று படிக்கிறவருக்கு நன்றி காதில் விழாது, கேட்பது மட்டும்தான் விழும். பாக்கித் தொகையும் கெடு தேதியும் கணக்கு வரிகளிலேயே இருக்கட்டும். நன்றி தனியாக நிற்கட்டும்.

பணம் கொடுப்பவர்களும் 'வந்துடுச்சு' என்ற பதிலோடு திருப்திப்படாமல், "மொத்தம், வரவு, பாக்கி மூணும் போட்டு அனுப்புங்கண்ணே" என்று கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகத் தொழில் செய்பவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.