குறைமாதக் குழந்தையின் பால் கணக்கும் எடைக் கணக்கும்



பச்சிளங்குழந்தைப் பிரிவைப் பார்வையிட வருகிற சபையார் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒவ்வொரு தொட்டில் அருகிலும் ஓர் அட்டை தொங்குகிறதே, அதில் நர்சுமார் ஓயாமல் என்ன எழுதுகிறார்கள்?" அந்த அட்டையில் உள்ளவை எப்படி ஒரு தினசரி அட்டவணையாக மாறுகின்றன, அது ஒரு குழந்தையின் காரியத்தில் என்ன சொல்லுகிறது என்பதை இம்முறை சற்று விரிவாக விளக்குகிறோம்.

முப்பத்திரண்டு வாரத்தில் பிறந்த குழந்தைக்குத் தாயின் மார்பில் சப்பிக் குடிக்கத் தெரியாது. சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறன் ஏறக்குறைய முப்பத்து நான்காம் வாரத்தில்தான் வருகிறது. அதுவரை தாயின் பாலைக் கறந்து, மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுகிறார்கள். சற்றுத் தேறியதும் பாலாடையால் புகட்டுகிறார்கள். நம் வீடுகளில் பாட்டிமார் சங்கால் புகட்டுவார்களே, அதே வழிதான். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வேளை. ஒவ்வொரு வேளையும் நேரம், எத்தனை மில்லி, எந்த முறையில், வாந்தி உண்டா, வயிறு உப்பியிருக்கிறதா, சிறுநீர், மலம் என்று எழுத வேண்டும். மூன்று ஷிப்டுகளில் மூன்று பேர் எழுதுகிறார்கள். பத்து நாட்களில் நூற்றிருபது வரிகள் சேர்ந்துவிடுகின்றன. அத்தனையையும் படித்தாலும், குழந்தை வளருகிறதா இல்லையா என்பது ஒரே பார்வையில் விளங்காது. ஆகவேதான் நாள் ஒன்றுக்கு ஒரு வரி என்று சுருக்கி எழுதுகிறார்கள்.

இதில் முதலாவது தீர்மானிக்க வேண்டியது, நாள் எப்போது தொடங்குகிறது என்பது. நடுராத்திரியில் நாளை மாற்றினால், காலையில் பார்க்கும் எடையும் அந்த நாளின் பாலும் ஒன்றோடொன்று பொருந்தாது. எனவே காலை 6 மணிக்கு எடை பார்த்து, அந்த 6 மணி முதல் மறுநாள் 6 மணி வரை கொடுத்த பாலை ஒரே வரியில் கூட்டி எழுதுகிறார்கள். இன்றைய பாலின் பலன் நாளைய வரியின் எடையில் தெரியும். மாலையில் பிறந்த குழந்தைக்கு முதல் வரி முழு நாளாக இராது. அதை "இத்தனை மணி நேரம்" என்று குறித்து வைக்காவிட்டால், குழந்தை குறைவாகக் குடித்ததுபோலத் தோன்றும்.

இரண்டாவது, எடை. ஒரே தராசு, ஒரே நேரம், பால் கொடுப்பதற்கு முன், துணியில்லாமல். இவ்வளவு கண்டிப்பு ஏன்? ஒன்றரைக் கிலோ குழந்தை நன்றாகத் தேறும் காலத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராம் கூடும். அது ஒருவேளை குடிக்கும் பால் 20 மில்லி. அப்படியானால், இன்று பாலுக்கு முன்னும் நாளை பாலுக்குப் பின்னும் நிறுத்தால், ஒரு நாள் வளர்ச்சி முழுவதும் வயிற்றிலிருக்கும் பாலாகவே இருந்துவிடலாம். கையில் ஊசிக்குழாயும் அதைத் தாங்கும் பலகையும் கட்டியிருந்தால் அதுவும் எடையில் சேரும். ஆகவே ஒரே நாளின் ஏற்றத்தைக் கண்டு மகிழ்வதுமில்லை, இறக்கத்தைக் கண்டு கலங்குவதுமில்லை. மூன்று நாட்களைச் சேர்த்தே பார்க்கிறார்கள். எடை திடீரென்று 80 கிராம் கூடினால் முதலில் மறுபடியும் நிறுக்கிறார்கள். அப்போதும் அதே எடை என்றால், உடலில் நீர் கோத்து வீக்கம் உண்டா என்று டாக்டர் பார்க்கிறார்.

மூன்றாவது, பாலை மில்லியில் மட்டும் சொன்னால் போதாது. 240 மில்லி ஒரு குழந்தைக்கு மிகுதி, இன்னொரு குழந்தைக்குக் குறைவு. ஆகவே நாள் முழுவதும் கொடுத்த பாலைக் குழந்தையின் கிலோ எடையால் வகுத்து, "கிலோவுக்கு எத்தனை மில்லி" என்று எழுதுகிறார்கள். முதல் நாட்களில் பெரும்பாலான குழந்தைகளுக்கு எடை சற்று இறங்கும். அப்படி இறங்கிய எடையால் வகுத்தால் பால் அதிகமாகப் போவதுபோலக் கணக்குக் காட்டும். அதனால் பிறந்த எடையை மறுபடியும் எட்டும்வரை பிறந்த எடையாலேயே வகுப்பது வழக்கம்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். முப்பத்திரண்டு வாரத்தில், விடியற்காலையில், 1600 கிராம் எடையோடு பிறந்த ஒரு பெண் குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வேளைக்கு 8 மில்லி. பன்னிரண்டு வேளைக்கு 96 மில்லி, அதாவது கிலோவுக்கு 60. பிறகு ஒவ்வொரு நாளும் வேளைக்கு 2 மில்லி கூட்டுகிறார்கள். அது நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 மில்லி ஏற்றம். அட்டவணையிலிருந்து சில வரிகள் மட்டும் இதோ:

| நாள் | காலை எடை (கிராம்) | கொடுத்த பால் (மி.லி.) | கிலோவுக்கு (மி.லி.) | முறை |
|---|---|---|---|---|
| 1 | 1600 | 96 | 60 | குழாய் |
| 3 | 1545 | 144 | 90 | குழாய் |
| 6 | 1495 | 216 | 135 | குழாய் |
| 7 | 1500 | 240 | 150 | குழாய் |
| 10 | 1540 | 240 | 150 | குழாய் |
| 13 | 1610 | 240 | 149 | குழாய் |
| 14 | 1635 | 240 | 147 | பாலாடை |
| 15 | 1640 | 240 | 146 | பாலாடை |
| 16 | 1640 | 240 | 146 | பாலாடை |
| 17 | 1645 | 264 | 160 | குழாயும் பாலாடையும் |
| 18 | 1665 | 264 | 159 | குழாயும் பாலாடையும் |
| 20 | 1725 | 288 | 167 | பாலாடை |

ஆறாம் நாள் வரை எடை இறங்கியது. மொத்த இறக்கம் 105 கிராம், அதாவது நூற்றுக்கு ஏழு பங்குக்கும் சற்றுக் குறைவு. குறைமாதக் குழந்தைக்கு நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை இறங்குவதும் வழக்கமே. தாய் அழுதாலும், இந்த இறக்கம் பயப்படத்தக்கது அல்ல. பதின்மூன்றாம் நாள் அவள் பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் இது நடக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எனவே இதுவரை எல்லாம் ஒழுங்கு.

இனி பதினான்காம் நாளிலிருந்து கவனியுங்கள். 1635, 1640, 1640, 1645. மூன்று நாட்களில் பத்துக் கிராம்தான் கூடியிருக்கிறது. இந்தப் பருவத்தில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம் கூட வேண்டும். இவளுடைய எடைக்கு மூன்று நாட்களில் குறைந்தது 70 கிராமாவது வந்திருக்க வேண்டும். தொட்டில் அட்டையைப் பார்த்தாலோ குறை ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வேளையும் 20 மில்லி என்றே எழுதியிருக்கிறது, வாந்தி இல்லை, வயிறு உப்பவில்லை.

அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கட்டங்கள்தான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. முதலாவது, எடை நின்ற நாளும், குழாயிலிருந்து பாலாடைக்கு மாறிய நாளும் ஒன்றாக இருக்கின்றன. குழாயில் விட்ட பால் முழுவதும் வயிற்றுக்குள் போகும். பாலாடையில் புகட்டும்போது கடைவாய் வழியாக ஒழுகும். அட்டையில் எழுதுவது கொடுத்த பாலையே தவிர, விழுங்கிய பாலை அல்ல. இதை அறிய எளிய வழி உண்டு. கழுத்தடியில் வைக்கும் சிறு துணியைப் புகட்டுமுன் ஒருமுறையும், புகட்டியபின் ஒருமுறையும் நிறுத்துப் பார்த்தால், கூடிய ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ ஒரு மில்லி பால். நம் கணக்கில் துணி 3 கிராம் கூடியது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வயிற்றுக்குள் போனது 17 மில்லி. பன்னிரண்டு வேளைக்கு 204, கிலோவுக்கு 124 மட்டுமே. இரண்டாவது, எட்டாம் நாள் முதல் பாலின் அளவு 240-லேயே நின்றுவிட்டது. குழந்தை வளர வளரக் கிலோவுக்கான எண் 150-லிருந்து 149, 147, 146 என்று சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. மில்லியை மட்டும் பார்த்திருந்தால் இது ஒருவர் கண்ணிலும் பட்டிராது.

பரிகாரமும் அட்டவணையிலேயே தெரிகிறது. பதினேழாம் நாள் வேளைக்கு 22 மில்லியாக உயர்த்தி, ஒருவேளை பாலாடை, மறுவேளை குழாய் என்று மாற்றினார்கள். பாலாடையில் புகட்டும்போது குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, விழுங்கும்வரை பொறுத்து, சிறிது சிறிதாக ஊற்றும்படி தாய்க்குக் கற்றுக்கொடுத்தார்கள். இருபதாம் நாள் காலை எடை 1725. மூன்று நாட்களில் 80 கிராம், கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 16 கிராம். துணியும் பெரும்பாலும் உலர்ந்திருந்தபடியால் மறுபடியும் பாலாடை மட்டுமே போதுமென்று விட்டார்கள். அளவையும் 24 மில்லியாகக் கூட்டினார்கள்.

எடை நின்றால் எப்போதும் பாலே காரணம் என்று எண்ணிவிடலாகாது. குழந்தைக்குக் குளிரெடுத்தால் உடம்பைச் சூடாக வைப்பதிலேயே பாலின் சத்துச் செலவாகிவிடும். தொற்று ஏற்பட்டாலும் எடை நிற்கும். அதற்காகவே உடல் வெப்பத்துக்கும் ஒரு கட்டம் வைக்கிறார்கள். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, வயிறு உப்பினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, அட்டவணை எவ்வளவு அழகாயிருந்தாலும் காத்திராமல் உடனே டாக்டரை அழைக்கிறார்கள்.

வெற்றுக் கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவேளை பாலை நிறுத்தி வைத்தால் "0" என்று எழுத வேண்டும். எழுத மறந்தால் கட்டம் வெறுமையாயிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. வெறுமையை 0 என்று கூட்டினால் குழந்தை பட்டினியாயிருந்ததாகக் கணக்கு வரும். 20 என்று ஊகித்துக் கூட்டினால் இல்லாத பால் கணக்கில் ஏறும். அப்படிப்பட்ட நாளில் "பதினொரு வேளை மட்டும் பதிவு" என்று வரியின் ஓரத்தில் குறித்துவிடுவதே நேர்மையான வழி.

குழந்தை மார்பில் குடிக்கத் தொடங்கியபின் மில்லிக் கட்டத்துக்கு வேலை குறைந்துவிடும். எவ்வளவு குடித்தது என்று எவரும் பார்த்துச் சொல்ல முடியாது. "பத்து நிமிஷம் குடித்தது" என்பதை மில்லியாக்குவது வெறும் கற்பனை. அப்போது எத்தனை முறை குடித்தது, நாளில் ஆறு முதல் எட்டு முறை சிறுநீர் போனதா, காலை எடை கூடியதா என்ற மூன்றையும்தான் நம்ப வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளையும் இந்த வரிகளே பெருமளவு தீர்மானிக்கின்றன. வீட்டில் மூத்த பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த தாய், "சிஸ்டர், புள்ள நல்லாத்தானே குடிக்குது, எப்பம்மா அனுப்புவீங்க?" என்று தினமும் கேட்பாள். குழாயின் உதவியின்றிக் குடித்து, தாயின் மார்போடு அணைத்த நிலையில் சூடு குறையாமல், மூன்று நாட்கள் தொடர்ந்து எடை கூடினால் அனுப்பலாம் என்பது பொதுவான விதி. நர்ஸ் அட்டவணையை அவள் முன் விரித்து, கடைசி மூன்று எடைகளை விரலால் தொட்டுக் காட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் எண் ஏறுவதும் இறங்குவதும் புரிகிறது. புறப்படும்போது அதன் பிரதி ஒன்றும் அவள் கையில் போகிறது. கடைசி வரியில் எடைக் கட்டம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். அது அடுத்த வாரம் குழந்தையோடு வந்து நிரப்ப வேண்டிய கட்டம். வருகிற நாளும் அதன் அருகில் எழுதப்பட்டிருக்கும்.